அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வந்துவிட்டதா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள். வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் வேலைக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இது நிஜந்தானா?" என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு போலி, ஒன்று உண்மை. இதில் வேடிக்கை, பார்க்க லட்சணமாக இருந்த இரண்டும்தான் போலி. பிழையும் கோணலுமாக இருந்த மூன்றாவது கடிதம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆகவே கடிதத்தின் அழகைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் மூன்றிலும் தவறியிருப்பார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் கடிதம், என்னிடம் 1996-ல் பிளஸ் டூ படித்த மாணவி ஒருத்தியின் மகனுக்கு வந்தது. பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. ஒரகடம் பக்கம் உள்ள, எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு பெரிய தொழிற்சாலையின் பெயரில் கடிதம். பதவி உதவிப் பொறியாளர், மாதச் சம்பளம் 38,500 ரூபாய், உணவும் தங்குமிடமும் இலவசம். கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. மடிக்கணினி, சீருடை, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்குத் திருப்பித் தரப்படும் முன்பணமாக 14,850 ரூபாய் 24 மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும், முதல் மாதச் சம்பளத்தோடு அது திரும்பி வந்துவிடும் என்று எழுதியிருந்தது.

ஞாயிறு காலையில் அந்த அம்மா போன் செய்தாள். "சார், செயினை அடகு வைக்கலாம்னு பார்த்தா இன்னிக்கு பேங்க் லீவு. பக்கத்து வீட்டுல கைமாத்து கேட்டிருக்கேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்காங்க. ஒரு தடவை நீங்க பார்த்துச் சொல்லிடுங்க சார்."

"ஏம்மா, தம்பி இன்டர்வியூவுக்குப் போனானா?"

"இல்ல சார். வேலைவாய்ப்பு வெப்சைட்ல ரெஸ்யூம் போட்டிருந்தான். போன்லயே அஞ்சு நிமிஷம் பேசி செலக்ட் பண்ணிட்டாங்களாம்."

எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது. ஆனால் ஒரு வருடமாக வேலை இல்லாமல் இருக்கும் பையனிடம் "இது போலி" என்று மொட்டையாகச் சொன்னால் நம்ப மாட்டான். நான் சொன்னதைக் கேட்டு வேலை கைநழுவிப் போயிற்று என்று காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பான். அதனால் கடிதத்தை எடுத்துக்கொண்டு இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். கடிதத்தை அவனே வரி வரியாகச் சோதிக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் கடிதத் தலைப்பை எடுத்தோம். என்னிடம் வணிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், நிறுமம் என்பது சட்டத்தால் உருவாக்கப்பட்ட செயற்கை மனிதன். (பரீட்சையில் "செயற்கையான மனிதன்" என்று எழுதி மதிப்பெண்ணுக்குச் சண்டை போட்டவர்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.) அந்தச் செயற்கை மனிதனுக்கு ஆதார் எண் மாதிரி ஓர் எண் உண்டு. அதைச் சி.ஐ.என். என்பார்கள். நிறுமத்தின் பெயர், பதிவு அலுவலக முகவரி, இந்த எண், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றைத் தன் வணிகக் கடிதங்களில் நிறுமம் அச்சிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே "பிரைவேட் லிமிடெட்" அல்லது "லிமிடெட்" என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, தலைப்பிலும் அடியிலும் இந்த எண் இல்லாமல் ஒரு கடிதம் வந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

இந்த எண்ணில் மொத்தம் 21 இடங்கள். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கடிதம் சொல்லும் கதையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். முதல் எழுத்து `L` என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுமம், `U` என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகை. அடுத்த இரண்டு எழுத்துகள் பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலம், நமக்கு `TN`. அதன் பிறகு நான்கு இலக்கத்தில் நிறுமம் பதிவான ஆண்டு. பிறகு மூன்று எழுத்து, தனியார் நிறுமம் என்றால் `PTC`, பொது நிறுமம் என்றால் `PLC`. கடைசி ஆறு இலக்கங்கள் பதிவு எண்.

`www.mca.gov.in` என்ற மத்திய அரசின் தளத்தில் நிறுமத்தின் அடிப்படை விவரங்களைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அங்கே இந்த எண்ணையோ பெயரையோ கொடுத்தால் பதிவுப் பெயர், முகவரி, பதிவான தேதி, இப்போது நடப்பில் இருக்கிறதா அல்லது பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்பதெல்லாம் வரும்.

இரண்டாவது போலிக் கடிதம் இந்தச் சோதனையிலேயே விழுந்தது. என் மைத்துனர் மகளுக்கு வந்தது அது. வீட்டிலிருந்தே தகவல் பதிவு செய்யும் வேலை. தலைப்பில் "1998 முதல் சென்னையில்" என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். எண்ணைப் பிரித்துப் பார்த்தால் மாநிலம் `DL`, ஆண்டு 2021. அதாவது டெல்லியில் 2021-ல் பதிவானது. தளத்தில் தேடினால் அந்த எண் சம்பந்தமே இல்லாத வேறு பெயருள்ள ஒரு நிறுமத்துடையது. ஐந்து நிமிட வேலை. அந்தப் பெண் அன்றே அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

தம்பியின் கடிதம் அப்படி எளிதில் விழவில்லை. எண் சரியாக இருந்தது. 21 இடம், தமிழ்நாடு, ஆண்டு பொருந்துகிறது, பெயரும் பொருந்துகிறது, நிறுமம் நடப்பில் இருக்கிறது. பையன் முகம் மலர்ந்துவிட்டது. "சார், கரெக்டா இருக்கு சார்!" என்றான்.

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். அந்த எண் ரகசியம் கிடையாது. அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே கீழே போட்டிருக்கிறது. லோகோவும் அங்கேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே கடிதத் தலைப்பில் தவறு இருந்தால் கடிதத்தைச் சந்தேகிக்கலாம். தலைப்பு சரியாக இருப்பதால் மட்டும் கடிதம் உண்மையாகிவிடாது. அப்படி ஒரு நிறுவனம் உலகத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்த நிறுவனம்தான் இந்தக் கடிதத்தை எழுதியதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்காக மின்னஞ்சலுக்குப் போனோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் `example` என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய இணையதளம் `example.com`. பையனுக்குக் கடிதம் வந்த முகவரி இது:

```
hr.joining@example-careers.com
```

பையன் பார்த்தது அனுப்பியவர் பெயராகத் திரையில் தெரிந்த "எச்.ஆர். டிபார்ட்மென்ட்" என்பதை மட்டும். அந்தப் பெயரை அனுப்புகிறவர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் தொட்டால்தான் முழு முகவரி தெரியும். முகவரியில் `@` குறிக்கு வலப்பக்கம் இருப்பதுதான் முக்கியம். அதையும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். `careers.example.com` என்று இருந்தால், கடைசியில் `example.com` நிற்பதால் அது அந்த நிறுவனத்தின் சொந்த இடத்துக்குள் ஓர் அறை மாதிரி. `example-careers.com` என்பது, நடுவில் கோடு போட்டுச் சேர்த்த ஒரே பெயர். அது முற்றிலும் வேறு வீடு. சில நூறு ரூபாய் கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். `example.com.joining-desk.com` என்று வந்தாலும் இதே கதைதான். அங்கே வீட்டுக்காரர் `joining-desk.com`.

அப்படி ஒரு பெயரை எப்போது வாங்கினார்கள் என்பதையும் பார்க்க முடியும். `lookup.icann.org` என்ற தளத்தில் `@` குறிக்கு வலப்பக்கம் உள்ளதை மட்டும் தட்டச்சு செய்தால் அது பதிவான தேதி வரும். தம்பிக்கு வந்த முகவரி, கடிதம் வருவதற்குச் சரியாக 23 நாட்களுக்கு முன்னால் பதிவாகியிருந்தது. பல பத்தாண்டாக இயங்கும் தொழிற்சாலை ஆள் எடுப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன் புதிதாக ஒரு முகவரி வாங்குமா? சில நிறுவனங்கள் ஆள் எடுக்கும் பணியை வெளி ஏஜென்சியிடம் கொடுப்பதுண்டு, அப்போது முகவரி வேறாக இருக்கும். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம் என்று பையனிடம் சொன்னேன். ஆனாலும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

இந்தச் சமயத்தில் அவன் போன் அடித்தது. கடிதம் அனுப்பிய "எச்.ஆர்." தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. "தம்பி, பேமென்ட் இன்னும் வரலையே. லிஸ்ட் ஆறு மணிக்கு குளோஸ் ஆயிடும். உங்க இடத்துக்கு வெயிட்டிங்ல நாலு பேர் இருக்காங்க" என்றார். பையன் நான் சொல்லிக்கொடுத்தபடி கேட்டான், "சார், நாளைக்குக் காலையில உங்க கம்பெனி போர்டு நம்பருக்குப் போன் பண்ணிப் பேசிட்டுக் கட்டலாமா?" அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். பிறகு, "அங்கே இருக்கிறவங்களுக்கு இந்த ரெக்ரூட்மென்ட் பத்தித் தெரியாது தம்பி. இது கார்ப்பரேட் ஆபீஸ் டைரக்டா பண்றது. டவுட் இருந்தா விட்டுடுங்க" என்று வைத்துவிட்டார்.

கடிதம் ஏன் சனிக்கிழமை மாலை வந்தது, கெடு ஏன் ஞாயிற்றுக்கிழமை மாலையோடு முடிகிறது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த 24 மணி நேரமும் நிறுவனத்தின் அலுவலகத்தில் போனை எடுக்க ஆள் இருக்காது. சரிபார்க்க முடியாத நேரமாகப் பார்த்து அவசரப்படுத்துவது இவர்களுடைய வழக்கம். திங்கள் காலை பத்து மணி வரை உங்கள் கையில் பணம் பத்திரமாக இருந்தால் அவர்களுடைய வேலை கெட்டுப்போகும்.

இனி பணியில் சேரும் நிபந்தனைகள். என்னைக் கேட்டால் கடிதத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய பகுதி இதுதான். லோகோவைத் திருடிவிடலாம், வேலையை நன்றாகத் தெரிந்தவர் எழுதுவது போல நிபந்தனைகளை எழுதுவது கஷ்டம். பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து, "திங்கள்கிழமை நீ அங்கே போகிறாய் என்று வைத்துக்கொள். எந்த கேட், எத்தனை மணி, யாரைப் பார்க்க வேண்டும், எந்த டிபார்ட்மென்ட், எந்த ஷிப்ட் என்று கடிதத்தைப் பார்த்து எழுது" என்றேன். அவனால் ஒன்றைக்கூட எழுத முடியவில்லை. தகுதிகாண் காலம் எவ்வளவு, வேலையை விடுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, 38,500-ல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். பிடித்தம் எவ்வளவு என்று எதுவும் இல்லை. ஆனால் பணம் கட்டுவது பற்றி மட்டும் அரைப் பக்கம் இருந்தது. கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., யு.பி.ஐ. முகவரி, கட்டிய ரசீதை எந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று துல்லியமாக எழுதியிருந்தார்கள். கடிதம் எதில் அக்கறையாக இருக்கிறது என்பதைப் பையனே சொல்லிவிட்டான்.

அந்தக் கணக்கையும் பார்த்தோம். யு.பி.ஐ. செயலியில் அந்த முகவரியைத் தட்டச்சு செய்தால், பணம் அனுப்பும் முன்பே யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். (அனுப்பிவிடாதீர்கள், பெயரைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.) ஒரு தனி நபரின் பெயர் வந்தது. ஐ.எஃப்.எஸ்.சி. எண் 11 இடம் கொண்டது. முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறும் கிளை. தேடிப் பார்த்தால் அந்தக் கிளை ஒரகடத்திலும் இல்லை, சென்னையிலும் இல்லை, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு சிற்றூரில் இருந்தது. ஒரு பெரிய நிறுமம் சீருடைப் பணத்தை எங்கோ இருக்கும் ஒரு தனி மனிதரின் கணக்கில் ஏன் வாங்க வேண்டும்? அந்தத் தனி மனிதரும் பாவம், இதே போல வேலை தருவதாகச் சொல்லி வங்கிக் கணக்கை வாங்கப்பட்டவராக இருக்கலாம். அதனால் கணக்குக்காரர் பெயரை முகநூலில் போட்டுத் திட்டும் வேலை வேண்டாம்.

சில உறவினர்கள் கேட்பார்கள், "ஏன், நல்ல கம்பெனிகளும் ஹாஸ்டல் அட்வான்ஸ் வாங்குவதில்லையா, மெடிக்கல் டெஸ்ட்டை நாமே எடுத்து வரச் சொல்வதில்லையா?" உண்டு. சில இடங்களில் இத்தனை வருடம் வேலையில் இருப்பேன் என்று ஒப்பந்தமும் எழுதி வாங்குகிறார்கள். அதெல்லாம் நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். நான் பார்ப்பது நேரத்தையும் திசையையும். ஹாஸ்டல் பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பார்கள் அல்லது நீங்கள் ஹாஸ்டலில் நிற்கும்போது ரசீது கொடுத்து வாங்குவார்கள். மருத்துவப் பரிசோதனையை நீங்கள் ஒரு மருத்துவமனைக்குப் போய் எடுப்பீர்கள், பணம் அந்த மருத்துவமனைக்குப் போகும். நீங்கள் இன்னும் கண்ணால் பார்க்காத ஓர் இடத்துக்கு, வேலையில் சேரும் முன், திருப்பித் தருகிறோம் என்ற வாக்கோடு பணம் போகச் சொன்னால், மற்ற எல்லாச் சோதனையிலும் கடிதம் தேறியிருந்தாலும் நான் அதைத் தேற விட மாட்டேன். தொகை ஐந்நூறாக இருந்தாலும் அதேதான். முதலில் சின்னத் தொகை, பிறகு "ஜி.எஸ்.டி. விட்டுப்போச்சு", பிறகு "இன்சூரன்ஸ்" என்று படிப்படியாகக் கேட்பதும் இவர்களுடைய பழக்கம்.

திங்கள் காலை பத்தே காலுக்கு நிறுவனத்துக்குப் போன் செய்தோம். எந்த எண்ணுக்கு என்பது முக்கியம். கடிதத்தில் இருந்தவை எல்லாம் செல்போன் எண்கள், அவற்றைத் தொடவில்லை. கூகுளில் நிறுவனத்தின் பெயரையும் "எச்.ஆர். நம்பர்" என்றும் போட்டுத் தேடி முதலில் வருவதையும் எடுக்கவில்லை, அப்படி வரும் எண்களிலேயே போலி கலந்திருக்கும். இணையதள முகவரியை நாமே தட்டச்சு செய்து உள்ளே போய், தொடர்புப் பக்கத்தில் இருந்த தரைவழி எண்ணை எடுத்தோம். பட்டியலிடப்பட்ட நிறுமம் என்பதால் ஆண்டறிக்கையிலும் எண் இருந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுக்கொண்டோம். கடிதம் காட்டிய வழியில் போனால் கடிதம் எழுதியவரிடமேதான் போய் நிற்போம். நாமாகக் கண்டுபிடித்த வழியில் போனால்தான் நிறுவனத்திடம் போய்ச் சேருவோம்.

கேட்கும் விதமும் உண்டு. "உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறீங்களா?" என்று கேட்டால், "வெப்சைட்ல பாருங்க" என்று வைத்துவிடுவார்கள். பையனை இப்படிக் கேட்கச் சொன்னேன்: "மேடம், உங்க நிறுவனத்தின் பெயரில் எனக்கு ஒரு பணி நியமனக் கடிதம் வந்திருக்கு. ரெஃபரன்ஸ் நம்பர் இது, கையெழுத்துப் போட்டவர் பெயர் இது. பணம் கட்டச் சொல்லியிருக்காங்க. இது உங்ககிட்ட இருந்து வந்ததான்னு எச்.ஆர்.-ல சரிபார்த்துச் சொல்ல முடியுமா?" "பணம் கட்டச் சொல்லியிருக்காங்க" என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பெண் உடனே எச்.ஆர். பிரிவுக்கு மாற்றிவிட்டார்.

அங்கே பேசியவர் கடிதத்தை நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, `example.com`-லிருந்து. கையெழுத்தில் இருந்த பெயர் உண்மையாகவே அவர்களிடம் பணிபுரியும் ஓர் அதிகாரியின் பெயர்தான், ஆனால் அவர் அப்படி ஒரு கடிதம் எழுதவில்லை, அந்த ரெஃபரன்ஸ் எண் முறையே அவர்களிடம் இல்லை, ஆள் எடுக்க நிறுவனம் யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார்கள். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துச் செயினைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டாள். பையன்தான் பாவம், ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டானாம்.

மூன்றாவது கடிதத்தைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு உங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்திவிடும். அது என் பழைய மாணவனின் தம்பிக்குக் கோவை கணபதியில் உள்ள, பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையிலிருந்து வந்தது. மின்னஞ்சல் ஜிமெயில். ஒரு பக்கக் கடிதத்தில் ஆங்கிலப் பிழை ஏழு. (எண்ணுவது எங்கள் தொழில் வியாதி, மன்னிக்கவும்.) சி.ஐ.என். இல்லை. அண்ணன்காரன் "போலி சார்" என்று முடிவே கட்டிவிட்டான்.

ஆனால் அது கூட்டாண்மை நிறுவனம். கூட்டாண்மைக்கும் தனி உரிமையாளர் தொழிலுக்கும் சி.ஐ.என். கிடையாது, இருக்கத் தேவையும் இல்லை. பதிலாக ஜி.எஸ்.டி. எண் போட்டிருந்தார்கள். அது 15 இடம் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. `www.gst.gov.in` தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்ததும் பதிவுப் பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, முகவரி எல்லாம் கடிதத்தோடு அச்சாகப் பொருந்தின. இதுவும் திருடக்கூடிய எண்தான். அதனால் அதோடு நிற்காமல், கோவையில் இருக்கும் அவர்களுடைய மாமாவை டூவீலரில் போய்ப் பார்க்கச் சொன்னோம். பட்டறை இருந்தது. முதலாளியே வெளியே வந்து, "ஆமாங்க, பையன் போன வாரம் வந்து லேத்துல வேலை செஞ்சு காட்டிட்டுப் போனானுங்க" என்றாராம்.

நிபந்தனைகளைப் படித்தபோதே எனக்கு நம்பிக்கை வந்திருந்தது. சம்பளம் 14,000, மூன்று மாதம் தகுதிகாண் காலம், ஞாயிறு விடுமுறை, காலை எட்டரைக்கு இன்ன பெயருள்ள சூப்பர்வைசரைப் பார்க்க வேண்டும், ரூமில் தங்கினால் சாப்பாட்டுக்கு மாதம் 1,500 பிடிப்போம், சான்றிதழ் ஒரிஜினல் கொண்டுவந்து காட்டிவிட்டு எடுத்துப் போகலாம், நகல் மட்டும் கொடுக்க வேண்டும். பிழையான ஆங்கிலம்தான், ஆனால் அந்தப் பட்டறையைத் தினமும் நடத்துகிறவர் எழுதியது என்று ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. பையன் இப்போது அங்கேதான் இருக்கிறான்.

ஒரிஜினல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பணம் கேட்காத போலிகளும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது உங்கள் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், புகைப்படம். "சம்பளம் போட" என்று புதுக் கணக்கு திறக்க வைத்து, ஏ.டி.எம். கார்டையும் அந்தக் கணக்கோடு சேர்த்த சிம்மையும் வாங்கிக்கொள்வார்கள். பிறகு அடுத்தவரை ஏமாற்றிய பணம் உங்கள் பிள்ளையின் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். நிறுவனத்தோடு நேரடியாகப் பேசி உறுதி செய்யும் வரை அடையாள ஆவணங்களை அனுப்ப வேண்டாம். கார்டையும் ஓ.டி.பி.-யையும் எப்போதுமே யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், இணையவழி மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறி வெளியே எடுக்கப்படும் முன் நிறுத்தி வைக்க முயல்வார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சொல்வதற்கும் மறுநாள் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். `cybercrime.gov.in` தளத்தில் எழுத்துமூலமாகவும் புகார் பதியலாம். கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண் எதையும் அழிக்க வேண்டாம். கோபத்தில் சாட்டை டெலீட் செய்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

எனக்குக் கடிதம் அனுப்ப நினைப்பவர்கள் தாராளமாக அனுப்புங்கள். ரிடையர் ஆன மனுஷனுக்கு வேறு என்ன வேலை? ஆனால் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் வந்த பி.டி.எஃப்.-ஐயே அனுப்புங்கள், அனுப்பியவரின் முழு மின்னஞ்சல் முகவரி தெரியும்படி ஒரு படமும் சேர்த்து. ஆதார் நகலை எனக்கும் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அனுப்பினால் திங்கள் காலை பத்தே காலுக்கு மேல்தான் பதில் சொல்வேன்.